வரிசை எண் 14 கடன் வாங்குவதில்லை

மாறுதல் ஆணை கைக்கு வந்த பிறகு ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் பள்ளியை விட்டுக் கிளம்ப ஒரு பிற்பகல் போதும். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, அலமாரிச் சாவி, கற்றல் உபகரணப் பெட்டி, வகுப்பு நூலகப் புத்தகங்கள், விலையில்லா நோட்டுகளில் மீதமிருப்பவை என்று ஒவ்வொன்றாக எண்ணி, ஒப்படைத்தவர் ஒரு கையெழுத்து, பெற்றுக்கொண்டவர் ஒரு கையெழுத்து. தலைமையாசிரியர் எமிஸ் இணையதளத்தில் வகுப்பாசிரியர் பெயரை மாற்றிவிடுவார். பிறகு வருகை பதியும் செயலியைத் திறந்தால் அந்த வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் புது ஆசிரியரின் கைப்பேசியில் வரிசையாக வந்து நிற்கும். பணிவிடுவிப்பு முடிந்தது.

இந்த ஒப்படைப்பில் ஒரு கிழிந்த தேசப்படத்துக்குக்கூடக் கணக்கு உண்டு. பிள்ளைகளுக்கு மட்டும் பெயரும் வரிசை எண்ணும்தான். யாருக்கு வலிப்பு வரும், யாரை யாரோடு அனுப்பக்கூடாது, யார் எந்த எழுத்தில் தடுக்குகிறார்கள் என்பதெல்லாம் போகிற ஆசிரியரின் தலையோடு பேருந்து ஏறிவிடும்.

இதற்கென்று சில ஆசிரியர்கள் தாங்களாகவே ஒரு தாளோ இரண்டு தாளோ எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். கட்டாயம் ஏதும் கிடையாது, எல்லோரும் எழுதுவதும் கிடையாது. எழுதப்பட்டவற்றிலும் பாதி, படிக்கிறவருக்கு உதவுவதைவிடப் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்பவை என்பது என் கருத்து. ஏன் என்று பார்க்க ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். இது பல வகுப்பறைகளில் நடப்பவற்றைச் சேர்த்துக் கட்டிய வகுப்பு; குறிப்பிட்ட பள்ளி எதுவும் இல்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நான்காம் வகுப்பு, 26 பிள்ளைகள். காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு வகுப்பாசிரியர் வேறு மாவட்டத்துக்குப் போகிறார். அதே வாரம் இன்னொருவர் வந்து சேர்கிறார்.

போகிறவர் பத்து நிமிடத்தில் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "3, 7, 19 நன்றாகப் படிப்பார்கள். 14 கணக்கில் மிகவும் பின்தங்கியவன். 9 கவனம் கிடையாது, கனவு காண்பாள். 22 சேட்டை, கண்டிப்பாக இருக்கவும். 11, 17 அரும்பு நிலை. 5 அடிக்கடி லீவு."

எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இதை வாங்கிக்கொண்டவர் திங்கட்கிழமை காலை என்ன செய்வார்? 14-ஆம் எண் பையனிடம் கணக்கு கேட்கமாட்டார். 9-ஐ அதட்டுவார். 22 வாயைத் திறக்கும் முன்பே முறைப்பார். அவர் கெட்ட ஆசிரியராக இருக்கவேண்டியதில்லை. புது இடத்தில், முகங்களே பழகாத வகுப்பில், கையிலிருக்கும் ஒரே தகவலை வைத்து நடந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் புள்ளியில் கல்வி உளவியலின் பழைய சர்ச்சை ஒன்று நமக்கு உதவும். ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த சோதனையை 1968-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்து, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்து, இவர்கள் இந்த ஆண்டு வேகமாக முன்னேறப்போகிறார்கள் என்று சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுத்தவை. ஆண்டு முடிவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அப்படிச் சொல்லும்படி வேறுபாடு இல்லை. புத்தகம் புகழ்பெற்ற அளவுக்குத் தாக்கவும்பட்டது. அளந்த முறையே சரியில்லை என்றார்கள் சிலர். வேறு பள்ளிகளில் செய்துபார்த்தவர்களில் பலருக்கு அந்த விளைவு கிடைக்கவும் இல்லை.

ஏன் சில இடங்களில் பலித்தது, சில இடங்களில் பலிக்கவில்லை? ஸ்டீபன் ராடென்புஷ் 1984-இல் இப்படிப்பட்ட 18 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். சொல்லப்பட்ட பெயரை நம்பி ஆசிரியர் நடந்துகொள்வது, அவர் அந்தப் பிள்ளைகளோடு எத்தனை நாள் பழகியிருந்தார் என்பதைப் பொறுத்திருந்தது. பழக்கமே இல்லாதபோதோ சில நாள் மட்டும் பழகியபோதோ அந்தச் சொல் வேலை செய்தது. இரண்டு வாரத்துக்கு மேல் பழகிய ஆசிரியரிடம் அது ஏறக்குறைய எடுபடவில்லை. அவர் தன் கண்ணால் கண்டதை நம்பினார்.

ஒப்படைப்புக் குறிப்பு எப்போது படிக்கப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள். சரியாக அந்த முதல் இரண்டு வாரத்தில்தான். ஒரு பிள்ளையைப் பற்றிய அடைமொழி ஆழமாக இறங்கக்கூடிய காலத்தில் அடைமொழிகளை மட்டும் நிரப்பிய தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். அதே சமயம், தகவல் மிகவும் தேவைப்படும் காலமும் அதுவே. எதுவும் எழுதாமல் போவது நியாயமாகாது. வருகிறவர் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பதும் ஒரு வழக்கம், அதில் பெருந்தன்மை இருப்பதுபோல் தோன்றும். ஆனால் 9-ஆம் எண் பிள்ளை அதற்குள் பலமுறை திட்டு வாங்கியிருப்பாள்.

ஆகவே குறிப்பை இரண்டு தாளாக எழுதச் சொல்வேன். ஒன்று, வகுப்பில் நுழையும் முன்பே படிக்கவேண்டியது. இன்னொன்று, மடித்து வைத்து மூன்றாவது வாரம் பிரிக்கவேண்டியது.

முதல் தாள் சிறியது. உயிரும் உடம்பும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்டவை மட்டும். 26 பிள்ளைகளில் நான்கைந்து பேருக்குமேல் அதில் வரமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் என்ன நடக்கும், நடந்தால் என்ன செய்வது, யாருக்குப் போன் செய்வது என்ற மூன்று சேதிகள். 'இவள் ஒரு மாதிரி' என்பதற்கு அங்கே இடமில்லை.

9-ஆம் எண்ணையே எடுத்துக்கொள்வோம். "கவனம் கிடையாது" என்று எழுதிய அதே ஆசிரியரிடம், சரி டீச்சர், என்னதான் பண்ணுவா, பார்த்ததை அப்படியே சொல்லுங்க என்று கேட்டால் வேறு பதில் வரும். "படிச்சிக்கிட்டே இருப்பா சார், பாதி வரியில நின்னுடும். முழிச்சிப் பார்த்துக்கிட்டே இருப்பா. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா. ஒரு பத்து எண்ணுறதுக்குள்ள மறுபடி படிக்க ஆரம்பிச்சிடுவா, ஒண்ணும் நடக்காத மாதிரி."

இது கனவு காண்பதாக இருக்கலாம். மூளையில் சில விநாடி மட்டும் நிகழும் ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். அதில் கை கால் இழுக்காது, கீழே விழமாட்டார்கள், வெறித்த பார்வை மட்டும்தான். இமை லேசாகத் துடிக்கலாம். பெரும்பாலும் நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்கும், ஒரே நாளில் பலமுறை வரலாம். கனவு காணும் பிள்ளை பெயர் சொல்லித் தோளைத் தொட்டால் திரும்பிவிடும், இதில் திரும்பாது. பிள்ளைக்கே அது நடந்தது தெரியாது என்பதால் வீட்டில் புகார் சொல்லாது. தினமும் மணிக்கணக்கில் எதிரே உட்கார்ந்து பார்க்கும் ஆசிரியர்தான் இதை முதலில் கவனிக்கக்கூடியவர். மருத்துவரிடம் போகும்போது அவருக்கு வேண்டியதும் அந்தக் கவனிப்பே: எந்தத் தேதி, எத்தனை முறை, எவ்வளவு நேரம்.

அப்படியென்றால் முதல் தாளில் எழுதவேண்டியது இவ்வளவு: "எண் 9. படிக்கும்போதோ பேசும்போதோ நடுவில் நின்று 5 முதல் 10 விநாடி வெறித்துப் பார்ப்பாள். தொட்டுக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். காலாண்டுக்கு முந்தைய வாரத்தில் நான் பார்த்தது நான்கு முறை. தாயிடம் சொல்லியிருக்கிறேன், அரசு மருத்துவமனையில் காட்டுவதாகச் சொன்னார், இன்னும் போகவில்லை. கிணற்றுப் பக்கமோ மாடிப் படியிலோ தனியாக அனுப்பவேண்டாம். தாயை மறுபடி கூப்பிட்டுப் பேசவேண்டும்." நோயின் பெயர் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயர் வைப்பது மருத்துவரின் வேலை. ஆசிரியர் எழுதவேண்டியது தான் கண்டதை.

வலிப்பு என்று ஏற்கெனவே தெரிந்த பிள்ளை இருந்தால், என்ன செய்வது என்பதையும் எழுதிவிடவேண்டும். பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. கீழே சாய்த்து ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைப்பது, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைப்பது, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துவது, கடிகாரத்தைப் பார்ப்பது. வாயில் எதையும் திணிக்கக்கூடாது, கை காலை அழுத்திப் பிடிக்கக்கூடாது. சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, ஓடிவருகிற பெரியவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தால் 108.

பாதுகாப்பு என்றால் உடம்பு மட்டும் இல்லை. 6-ஆம் எண் பையனின் பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள், அவன் தாயின் பொறுப்பில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அறையில் அந்தக் கதை முழுவதும் எல்லோருக்கும் தெரியும். தாளுக்கு வேண்டியது கதை இல்லை. "எண் 6-ஐ மாலையில் தாயிடமோ தாய்வழிப் பாட்டியிடமோ மட்டும் அனுப்பவும். வேறு யார் வந்தாலும், சொந்தக்காரர் என்று சொன்னாலும், தலைமையாசிரியரிடம் கேட்காமல் அனுப்பவேண்டாம். தாயின் எண் அவரிடம் இருக்கிறது." யார் தவறு, ஏன் பிரிந்தார்கள் என்பதெல்லாம் ஒரு வரி சேர்ந்தாலும், அந்தத் தாளை யாரோ எடுத்துப் படிக்கும் நாள் ஒன்று வரும். பள்ளி மேசை இழுப்பறைகளுக்குப் பெரும்பாலும் பூட்டு கிடையாது. பெயருக்குப் பதில் வரிசை எண் போடுவதும் அதற்காகத்தான்.

இந்தத் தாளில் எழுதவே கூடாத ஒன்றும் உண்டு. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியவந்தாலோ அப்படி அஞ்சக் காரணம் இருந்தாலோ, அது அடுத்தவருக்கு ஒப்படைக்கும் விஷயம் ஆகாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அறிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறையிடம் தெரிவிக்கவேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் விடுவது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. "கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று பூடகமாக எழுதிவிட்டு மாறுதலில் போய்விட்டால் கடமை முடிந்துவிடாது. கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டுப் போகவேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.

இனி இரண்டாவது தாள். படிப்பைப் பற்றியது. உண்மையான உழைப்பு கேட்பது இதுதான்.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபிறகு, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துவது பழக்கமாகிவிட்டது. ஆகவே ஒப்படைப்பிலும் "11, 17 அரும்பு" என்று எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும். அந்த இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

11-ஆம் எண் சிறுமி "பாட்டு", "கிளி", "மரம்" எல்லாம் தடையில்லாமல் படிக்கிறாள். "பொம்மை" வந்தால் "பெம்மை" என்கிறாள். "கோழி" "கேழி" ஆகிறது. எழுத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வரும்போது, முன்னால் உள்ளதைப் பார்த்த வேகத்தில் பின்னால் இருப்பதை விட்டுவிடுகிறாள். மற்ற எழுத்துகளில் அவளுக்குச் சிக்கலே இல்லை. நான்காம் வகுப்புப் பாடத்தில் பத்தி பத்தியாக ஒகர ஓகார எழுத்துகள் வருவதால் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழுகிறாள், அதனால் மொத்தமாகப் படிக்கத் தெரியாதவள்போல் தெரிகிறாள். அவளுக்கு வேண்டியது உயிரெழுத்திலிருந்து மறுபடி தொடங்குவது இல்லை. கெ, கொ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலை மட்டும் மறைத்தும் திறந்தும் காட்டும் பயிற்சியைத் தினமும் கொஞ்ச நேரம் செய்தால் போதும்.

17-ஆம் எண் பையன் எதிலும் இப்படி ஒரு முறையாகத் தவறுவதில்லை. அவனுக்குத் தெரிந்தது தெரியும், தெரியாதது சுத்தமாகத் தெரியாது. காரணம் எளிது. அவனுடைய பெற்றோர் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். பொங்கல் முடிந்து போனால் மழைக்காலம் தொடங்கும் சமயத்தில்தான் திரும்புகிறார்கள். இரண்டு ஆண்டுகளாக அவனும் கூடப் போய்விட்டதால் ஆண்டின் பின்பாதியில் நடந்த பாடங்கள் மட்டும் அவனிடம் இல்லை. அவனுக்காக எழுதவேண்டிய வரிக்கு ஒரு தேதி உண்டு: "மார்கழி கடைசிக்குள் அவன் பாட்டியிடமும் தகப்பனாரிடமும் பேசவேண்டும். இந்தமுறை பாட்டியிடம் விட்டுப் போவதாகத் தகப்பனார் ஒருமுறை சொல்லியிருக்கிறார். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பேசினால் பயனில்லை, போயிருப்பார்கள்." அக்டோபரில் வருகிற புது ஆசிரியருக்கு இதை எந்தப் பதிவேடும் சொல்லாது. வருகைப் பதிவேட்டில் பழைய ஆண்டின் இடைவெளி தெரியலாம், அது ஏன் வந்தது, மறுபடி எப்போது வரும் என்பது தெரியாது.

இரண்டு பேருக்கும் ஒரே நிலை, ஒரே சொல். செய்யவேண்டியதோ முற்றிலும் வேறு.

தலைப்பில் இருக்கும் 14-ஆம் எண்ணுக்கு வருவோம், "கணக்கில் மிகவும் பின்தங்கியவன்." அவன் நோட்டைத் திறந்தால் ஒரே பக்கத்தில் மூன்று கழித்தல் கணக்குகள். 74-லிருந்து 31, விடை 43. 63-லிருந்து 28, விடை 45. 52-லிருந்து 37, விடை 25. முதலாவது சரி, மற்ற இரண்டும் தப்பு. சிவப்பு மையில் சுழித்து, கீழே மூன்றுக்கு ஒன்று என்று மதிப்பெண்ணும் போட்டாயிற்று.

கொஞ்சம் நின்று பாருங்கள். 52-இல் ஒன்றாம் இடத்தில் 2, கீழே 7. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் பக்கத்திலிருந்து கடன் வாங்கவேண்டும். அவன் வாங்கவில்லை. ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 என்று போட்டான். ஐந்திலிருந்து மூன்று போக 2. ஆக 25. 63, 28-லும் இதே வேலை: எட்டிலிருந்து மூன்று போக 5, ஆறிலிருந்து இரண்டு போக 4. கடன் வாங்கத் தேவையில்லாத 74, 31-இல் இந்த வழி தானாகவே சரியான விடை தருகிறது. பையன் அலட்சியமாக எதையோ போட்டு வைக்கவில்லை. 'எந்த வரிசையிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்ற ஒரு விதியை வைத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறான். கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இப்படி ஒழுங்கானவை என்பதை ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978-இல் விரிவாகக் காட்டினார்கள். இந்தத் தவறு அவற்றில் மிகப் பரவலானவற்றில் ஒன்று.

நாம் நினைப்பது சரிதானா என்று சோதிக்க ஒரு கணக்கு போதும். 40-லிருந்து 16 கழிக்கச் சொல்லுங்கள். 36 என்று போட்டால் அதே விதிதான்: ஆறிலிருந்து சைபர் போக 6, நாலிலிருந்து ஒன்று போக 3. 34 என்று போட்டால் சேதி வேறு. கடன் வாங்கத் தெரிகிறது, கொடுத்த இடத்தில் ஒன்று குறைக்க மறக்கிறான். அதற்கு வைத்தியமும் வேறு.

எனவே இரண்டாம் தாளில் 14-க்கு வரவேண்டியது: "கூட்டல், கடன் இல்லாத கழித்தல் சரி. கடன் வாங்கும் கழித்தலில் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறான். கரும்பலகையில் நான்கைந்து நாள் வழிமுறையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், பயனில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டிக் கொடுத்தபோது, கட்டைப் பிரித்துச் சரியாகக் கழித்தான். குச்சியோடு செய்கிறான், தாளில் இன்னும் வரவில்லை. அடுத்தது: குச்சியைப் பிரிக்கும்போதே பக்கத்தில் எண்ணையும் எழுதவைப்பது. குச்சிக்கட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது."

இந்தக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'பயனில்லை'. பலிக்காததை எழுதுவதற்குத்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். தன் திறமைக்குறைவைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடுவதுபோல் தோன்றுகிறது. ஆனால் அது இல்லாவிட்டால் வருகிறவர் அந்த நான்கைந்து நாளையும் மறுபடி கரும்பலகையில் செலவழிப்பார், பையனும் மறுபடி ஒருமுறை தோற்பான். குறிப்பு எழுதப்படாமல் போனாலும், வாங்கிக்கொள்ள வந்தவர் கேட்டே தீரவேண்டிய கேள்வியும் இதுதான்: "இவனுக்கு எதைச் செஞ்சு பார்த்தீங்க, எது எடுபடலை?"

26 பேருக்கும் இப்படி எழுத முடியுமா என்று கேட்டால், முடியாது. தேவையும் இல்லை. வகுப்போடு சேர்ந்து வருகிற பிள்ளைகளுக்கு வகுப்பு எந்தப் பாடத்தில் நிற்கிறது, எதுவரை நோட்டுத் திருத்தியாயிற்று என்ற பொதுவான வரிகள் போதும். ஆறேழு பேருக்கு மட்டும் ஒரு பத்தி. அதையும் கடைசிநாள் பிற்பகலில் எழுத உட்கார்ந்தால் அடைமொழிதான் வரும், ஏனென்றால் களைத்த மூளையில் எஞ்சி நிற்பது அதுதான். கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த அன்றே ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களில் எண்களைப் போட்டு வைத்துக்கொண்டு, கண்டதை அவ்வப்போது ஒரு வரி குறித்துவருகிறவர்களுக்கு இது பெரிய வேலையாக இருப்பதில்லை. மாறுதல் கிடைக்காமல் போனால் அந்த நோட்டு அவருக்கே உதவும்.

இந்த இரண்டாவது தாளை மூன்றாவது வாரம் பிரிக்கச் சொன்னேன். 14-ஆம் எண் பையன் இரண்டு வாரம் காத்திருக்கவேண்டுமா என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்வி. என் பதில்: அந்த இரண்டு வாரத்தில் புதியவர் சும்மா இருக்கப்போவதில்லை. தன் பங்குக்கு ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அழைத்து ஒரு சிறு பத்தி படிக்கவைத்து, இரண்டு கூட்டல் இரண்டு கழித்தல் போடவைத்துப் பார்க்கலாம். பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால்கூட நாளைக்கு மூன்று பேராகப் பத்து வேலைநாளில் வகுப்பு முடிந்துவிடும். பிறகு தாளைப் பிரித்து ஒப்பிடலாம். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் அடுத்த படியிலிருந்து தொடங்கலாம். ஒத்துப்போகாத இடம் அதைவிடச் சுவையானது. பழைய ஆசிரியரிடம் வாய் திறக்காத பிள்ளை புதியவரிடம் கடகடவென்று படித்திருக்கும். அப்போது இருவரும் பேசிக்கொள்ளவேண்டியது பிள்ளையின் படிப்பைப் பற்றி இல்லை, அது எதற்குப் பயந்தது என்பதைப் பற்றி.

22-ஆம் எண், சேட்டைக்காரன், எந்தத் தாளில் வருவான்? என்னைக் கேட்டால் எதிலும் வரவேண்டாம். சேட்டை என்பது பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கும் ஓர் ஆசிரியருக்கும் இடையில் வளர்ந்த ஒரு பழக்கம். ஆசிரியர் மாறும்போது அது உடைய ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. அந்த வாய்ப்பை ஒரு வரி எழுதிக் கெடுப்பானேன்? அடுத்த பிள்ளையின் உடம்பில் காயம் படுமளவுக்குப் போனால் அது பாதுகாப்பு, முதல் தாளுக்குப் போகும். எப்போது நடக்கிறது, யாரோடு உட்காரவைத்தால் நடப்பதில்லை என்ற அளவில். மற்றபடி விட்டுவிடலாம். சாதி, வீட்டுக் கடன், தகப்பனின் குடி, 'இந்தக் குடும்பமே இப்படித்தான்' ஆகியவையும் அப்படியே. குடியால் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்றால், "காலை உணவு நேரத்துக்கு வந்துவிட்டானா என்று பார்க்கவும்" என்பதே எழுதவேண்டிய வரி.

எந்தப் பதிவேட்டிலும் சேராத இன்னொன்று, போகிற ஆசிரியர் கொடுத்த வாக்குகள். ஆண்டு விழாவில் 20-ஆம் எண்ணுக்குப் பாரதியார் வேஷம் என்று சொல்லியிருப்பார். பத்து நாள் சரியாக எழுதினால் ஒரு பேனா என்று 14-க்குச் சொல்லியிருப்பார், எட்டு நாள் ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு கதை பாதியில் நின்றிருக்கும். இவை இரண்டு வரிதான். ஆனால் புது ஆசிரியர் வந்த மூன்றாம் நாள் ஒரு கை உயரும்: "பழைய டீச்சர் தரேன்னு சொன்னாங்க மிஸ்." அப்படியா, எனக்குத் தெரியாதே என்று சொல்லும் ஆசிரியரைவிட, ஆமாம், இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு என்று சொல்லும் ஆசிரியருக்கு வகுப்பு சீக்கிரம் வசப்படும்.

தாளோடு நேரில் ஒரு மணி நேரம் பேச முடிந்தால் நல்லது. பல சமயம் முடியாது, ஒருவர் காலையில் விடுவிக்கப்பட்டால் மற்றவர் மறுநாள்தான் சேர்வார். அப்போது மூன்றாவது வாரத் தொலைபேசிப் பேச்சுக்கு இப்போதே ஒரு மாலை நேரத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். இரண்டாம் தாளைப் பிரித்த அன்றைக்குப் பேசினால் கேள்விகள் கூர்மையாக இருக்கும்.

கல்வியாண்டு முடிந்ததும் அந்தத் தாள்களைக் கிழித்துவிடவேண்டும். ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடம் அப்படியே நகர்த்திவிடக்கூடாது. 9-ஆம் எண்ணுக்கு மருத்துவர் என்ன சொன்னார், 6-ஆம் எண்ணை இப்போது யார் அழைத்துப்போகிறார்கள் என்பவை மாறியிருக்கும். முதல் தாளைப் புதிதாக எழுதவேண்டும். 14-ஆம் எண் அதற்குள் கடன் வாங்கக் கற்றிருந்தால், அவனைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது.